சாட்சி சொன்னது எழுத்தாகும்போது: நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவாகும் விதம்

கொலை முயற்சி வழக்கு ஒன்றில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை விதித்து, அதை எதிர்த்த மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது, அங்கே அமர்ந்திருக்கும் நீதிபதிகள் அந்த வழக்கின் சாட்சி ஒருவரையும் பார்த்தவர்கள் அல்லர். சாட்சிக் கூண்டில் நின்றவர் தயங்கினாரா, கையை நீட்டி யாரைக் காட்டினார், எந்தக் கேள்விக்கு எப்படித் தலையசைத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னால் இருப்பது ‘அ.சா.1’, ‘அ.சா.2’ என்று தலைப்பிட்டுத் தட்டச்சு செய்யப்பட்ட தாள்கள்தான். அரசு தரப்புச் சாட்சிகளுக்கு வரிசையாக இடப்படும் அந்த எண்களின் கீழ் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சாட்சியம். சாட்சி சொன்னதற்கும் தாளில் நிற்பதற்கும் இடையே ஒரு சொல் மாறியிருந்தால், மேல்முறையீட்டில் கணக்கில் கொள்ளப்படுவது தாளில் நிற்கும் சொல்லே. ஆகவே, பேச்சு எப்படித் தாளுக்குப் போகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் ஒரு செஷன்ஸ் வழக்கை வைத்து அதைச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 307 முதல் 318 வரையிலான பிரிவுகள் சாட்சியப் பதிவைப் பற்றியவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 272 முதல் 283 வரை இருந்தவையே ஏறத்தாழ அப்படியே இங்கு வந்திருக்கின்றன. அதனால் பழைய பிரிவுகளுக்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கங்கள் இன்றும் பயன்படுகின்றன. செஷன்ஸ் விசாரணைக்கு உரியது 311ஆவது பிரிவு. ஒவ்வொரு சாட்சியின் சாட்சியமும் விசாரணை நடக்க நடக்கவே எழுதப்பட வேண்டும். அதை நீதிபதி தாமே எழுதலாம். திறந்த நீதிமன்றத்தில் அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதலாம். அல்லது அவரது நேரடி மேற்பார்வையில் நீதிமன்ற அலுவலர் ஒருவர் எழுதலாம். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: பதிவு சாதாரணமாகக் கேள்வி பதிலாக இல்லாமல் தொடர்ச்சியான விவரணையாக இருக்க வேண்டும், நீதிபதி விரும்பினால் அதன் எந்தப் பகுதியையும் கேள்வி பதிலாகவும் பதியலாம்.

இந்தச் சிறிய விதிதான் பல சிக்கல்களின் ஊற்றுக்கண். நீதிமன்றத்தில் நடப்பது உரையாடல். வழக்கறிஞர் கேட்கிறார், சாட்சி பதில் சொல்கிறார். தாளில் கேள்விகள் மறைந்துவிடுகின்றன. சாட்சி தானாகவே முழு வாக்கியங்களில், எழுத்து வழக்கில், வரிசை தப்பாமல் பேசியதுபோல ஒரு தன்மை விவரணை அங்கே நிற்கிறது. ‘ஆமாங்க’ என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தாலும், கேள்வியில் இருந்த செய்தி முழுவதும் ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியமாகி சாட்சியின் வாயில் ஏறிவிடுகிறது. வழக்கறிஞரின் கேள்வி, சாட்சியின் பதில், நீதிபதி அதைத் தொகுத்துச் சொல்லும் வாக்கியம், தட்டச்சரின் விரல்கள் ஆகிய நான்கும் கூடி உண்டாக்கும் எழுத்து அது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. நேர்மையாகவும் விரைவாகவும் வேலை செய்யும் நீதிமன்றத்தில்கூட இது நடக்கும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு வழக்கை அமைத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தத்தில், டீக்கடை வாசலில், ஒருவர் அரிவாளால் வெட்டப்பட்டுப் பிழைத்துக்கொள்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர்கள், நீதிமன்ற மொழியில் ‘எதிரிகள்’, மூன்று பேர். காயம்பட்டவர் அ.சா.1. எதிரே பூக்கடை வைத்திருக்கும் பெண் அ.சா.2. அவருக்கு உறுதிமொழி செய்துவைக்கப்படுகிறது. தாளின் தலைப்பில் வழக்கு எண், சாட்சியின் பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், தொழில், ஊர், நாள் ஆகியவை நிரப்பப்படுகின்றன. அரசு வழக்கறிஞர் முதல் விசாரணையைத் தொடங்குகிறார். அந்தப் பெண் சொல்கிறார்:

“மணி ஏழு இருக்குங்க. நான் பூ கட்டிக்கிட்டு இருந்தேன். டீக்கடைப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா மூணு பேரு அவரைச் சுத்தி நின்னாங்க. இவன் கையில அருவா இருந்துச்சு. வெட்டுனாங்க, அவரு கீழ விழுந்துட்டாரு. அப்புறம் ரயிலடிப் பக்கமா ஓடிட்டாங்களாம்.”

தாளில் இப்படி ஏறுகிறது: “சம்பவத்தன்று இரவு 7.00 மணிக்கு நான் என் கடையில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். எதிரிகள் மூவரும் அ.சா.1ஐச் சுற்றி நின்றார்கள். 1ஆம் எதிரி தன் கையிலிருந்த அரிவாளால் அ.சா.1ஐ வெட்டினார். அவர் கீழே விழுந்துவிட்டார். பிறகு எதிரிகள் ரயிலடிப் பக்கமாக ஓடிவிட்டார்கள்.”

மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்றே. பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய ஐந்து மாற்றங்கள் இதற்குள் நடந்துவிட்டன.

‘மணி ஏழு இருக்கும்’ என்பது மதிப்பீடு. கடிகாரம் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ‘7.00 மணிக்கு’ என்று எழுதியதும் அது துல்லியமான நேரமாகிவிடுகிறது. காவல் நிலையத்தில் பதிவான தகவல் அறிக்கையோ மருத்துவமனையின் விபத்துப் பதிவேடோ சம்பவம் ஏழரைக்கு நடந்ததாகச் சொன்னால், சாட்சி சொல்லாத ஒரு துல்லியத்தைக் காட்டி அவரைப் பொய்யர் என்று வாதிட முடியும். தூரத்துக்கும் இதே கதிதான். ‘பத்தடி இருக்கும்’ என்பது ‘10 அடி தூரத்தில்’ என்றாகும். பிறகு இடத்தின் வரைபடத்தில் அது இருபத்தைந்து அடியாக இருக்கும்.

‘மூணு பேரு’ என்று அவர் சொன்னது மூன்று மனிதர்களை. தாள் அவர்களை ‘எதிரிகள் மூவரும்’ ஆக்கியது. இந்த வழக்கில் கூண்டில் நிற்பதும் மூன்று பேர் என்பதால் இந்த மாற்றம் தட்டச்சருக்கு இயல்பாகவே வந்திருக்கும். ஆனால் அன்று அங்கே நின்றவர்கள் இவர்கள்தாமா என்பதே நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. சாட்சி அடையாளம் காட்டாத இருவரைத் தாள் அடையாளம் காட்டிவிட்டது.

‘இவன்’ என்று சொன்னபோது அவர் கை நீட்டியிருப்பார். அந்தச் சைகை இல்லாவிட்டால் ‘இவன்’ என்பதற்குப் பொருளே இல்லை. நல்ல பதிவில் அடைப்புக்குறிக்குள் ‘சாட்சி 1ஆம் எதிரியைச் சுட்டிக்காட்டுகிறார்’ என்று நீதிபதியின் குறிப்பாக அது நிற்கும். காயம் எங்கே பட்டது என்று தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டும் சாட்சிக்கும் அப்படித்தான் எழுத வேண்டும்: ‘சாட்சி தன் இடது தோளின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறார்’. ‘இங்கே வெட்டினார்’ என்று மட்டும் எழுதப்பட்ட தாளைப் படிக்கும் மேல்முறையீட்டு நீதிபதிக்கு அந்த ‘இங்கே’ எங்கே என்று தெரிய வழியில்லை.

நான்காவது மாற்றம்தான் பெரிது. அந்தப் பெண் அரிவாள் வைத்திருந்தவனை ஒருமையில் ‘இவன்’ என்றார். வெட்டியதைச் சொல்லும்போது ‘வெட்டுனாங்க’ என்று பன்மைக்கு மாறினார். யார் கை அரிவாளை வீசியது என்பதை அவர் பார்த்திருக்கலாம், கூட்டத்தில் பார்க்காமலும் இருந்திருக்கலாம். அதைத் தெளிவாக்க ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘வெட்டியது யார், நீங்கள் பார்த்தீர்களா?’ அந்தக் கேள்வி கேட்கப்படாமலே, அரிவாள் இருந்த கைதானே வெட்டியிருக்கும் என்ற ஊகத்தில் ‘1ஆம் எதிரி வெட்டினார்’ என்று எழுதினால், தர்க்கம் செய்தது எழுதியவர். கையெழுத்துப் போடப்போவது சாட்சி. மூவருக்கும் பொதுவான நோக்கம் இருந்ததா, ஒருவர் மட்டும் திடீரென வெட்டினாரா என்று வாதம் திரும்பும்போது, ஒவ்வொரு எதிரியின் தண்டனையும் இந்த ஒருமை பன்மையில் தொங்கும்.

ஐந்தாவதாக, ‘ஓடிட்டாங்களாம்’ என்பதன் கடைசியில் இருந்த ‘ஆம்’ காணாமல் போயிற்று. தமிழ் பேசுகிறவர் எவருக்கும் அதன் பொருள் தெரியும்: நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லிக் கேட்டேன். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும், பார்த்ததாகச் சொல்லப்படும் செய்தியைப் பார்த்தவரே சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 55ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பேச்சில் ஓர் ஒட்டாக வந்த எச்சரிக்கை எழுத்துத் தமிழுக்கு மாறும்போது உதிர்ந்துவிட, கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாகிவிட்டது. குறுக்கு விசாரணையில் ‘உங்கள் கடையிலிருந்து ரயிலடிப் பாதை தெரியுமா?’ என்று கேட்டு, ‘தெரியாது’ என்று பதில் வந்தால், பார்க்க முடியாததைப் பார்த்ததாகச் சொன்னவர் என்ற பெயர் அந்தப் பெண்ணுக்குத்தான் வரும்.

குறுக்கு விசாரணையில் வேறு வகையான சிக்கல் எழுகிறது. எதிரி தரப்பு வழக்கறிஞர் தம் தரப்புக் கூற்றைச் சாட்சியிடம் முன்வைத்து, அதை அவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று பார்ப்பார். இந்தக் கேள்விகளைத் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் எழுதும் முறைக்கென்று ஒரு நிலைத்த வாய்ப்பாடு உண்டு. ஏற்றால், ‘… என்று சொன்னால் சரிதான்’. மறுத்தால், ‘… என்று சொன்னால் அது சரியல்ல’. ‘நான் போலீசாருக்காகப் பொய்சாட்சி சொல்கிறேன் என்றால் அது சரியல்ல’ என்ற வாக்கியத்தோடு முடியாத குறுக்கு விசாரணை அரிது. வாய்ப்பாடு நல்லதுதான். கேள்வியில் இருந்த கூற்று எது, சாட்சியின் நிலைப்பாடு எது என்று இரண்டையும் அது ஒரே வாக்கியத்தில் காட்டுகிறது. ஆனால் எதிர்மறைக் கேள்வி வரும்போது அது வழுக்குகிறது.

நம் வழக்கில் எதிரி தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார்: “உங்க கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல பஸ் நின்னுச்சு, அதனால நீங்க எதையும் பார்க்கலை, சரிதானே?” அந்தப் பெண் சொல்கிறார்: “இல்லைங்க.” எது இல்லை? பேருந்து நிற்கவில்லையா? நின்றது, ஆனாலும் பார்த்தேன் என்கிறாரா? அல்லது ‘நீங்கள் சொல்வதுபோல நான் பார்க்கத்தான் இல்லை’ என்று உடன்படுகிறாரா? நம் பேச்சில் ‘நீ சாப்பிடலையா?’ என்பதற்கு ‘இல்லை’ என்றால் சாப்பிடவில்லை என்று பொருள். எதிர்மறைக் கேள்விக்கு எதிர்மறைப் பதில் உடன்பாடாகவும் வரும். கேள்வியிலேயே இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ‘பேருந்து நின்றதால் நான் எதையும் பார்க்கவில்லை என்றால் அது சரியல்ல’ என்று ஒட்டுமொத்தமாக எழுதினால், பேருந்து நின்றதா என்ற செய்தி தாளில் தெளிவாகாமலே போய்விடும். கவனமுள்ள நீதிபதி இங்கே நிறுத்தி, கேள்வியை இரண்டாக உடைக்கச் சொல்வார். பதிலும் இரண்டாகும்: ‘எங்கள் கடைகளுக்கு இடையே பேருந்து நின்றது சரிதான். அதனால் நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றால் அது சரியல்ல.’ இவ்வளவும் செய்ய ஒரு நிமிடம் போதும். அப்படியும் தெளிவாகாவிட்டால் அந்த இடத்தை மட்டும் கேள்வி பதிலாக, சாட்சியின் சொல்லிலேயே பதிய வேண்டும். சட்டம் அந்த விருப்புரிமையை நீதிபதிக்குக் கொடுத்திருப்பது இத்தகைய இடங்களுக்காகத்தான் என்பது என் கருத்து. இரு தரப்பு வழக்கறிஞர்களும் அதைக் கேட்டுப் பெறத் தயங்கக் கூடாது.

அடுத்து வருவது காவல்துறை பதிந்த வாக்குமூலம். புலனாய்வின்போது அந்தப் பெண்ணை விசாரித்த ஆய்வாளர், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆவது பிரிவின்படி அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் எழுதியிருப்பார். அதில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது 181ஆவது பிரிவு. அதைச் சான்றாகவும் பயன்படுத்த முடியாது. முக்கியமாக, நீதிமன்றத்தில் வேறுவிதமாகச் சொல்லும் சாட்சியை முரண்படுத்த மட்டும் பயன்படும். நம் சாட்சியின் வாக்குமூலத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் இரத்தக் காயத்துடன் கீழே விழுந்து கிடந்தார்.” வெட்டியதைப் பார்த்தேன் என்பதற்கும், விழுந்து கிடந்தவரைப் பார்த்தேன் என்பதற்கும் இடையேதான் இந்த வழக்கே இருக்கிறது.

இதை முரண்பாடாக நிலைநாட்ட முறை உண்டு. வாக்குமூலத்தின் அந்தக் குறிப்பிட்ட வரியைச் சாட்சியிடம் படித்துக்காட்டிக் கேட்க வேண்டும். சொன்னதாக ஒப்புக்கொண்டால் அங்கேயே முடிந்தது. “அப்படிச் சொல்லலைங்க” என்றால், அவர் மறுத்த வரி எது என்பது சாட்சியத்தில் அப்படியே எடுத்தெழுதப்பட வேண்டும். பிறகு ஆய்வாளர் கூண்டில் ஏறும்போது, அந்த வரியை அவர் சாட்சி சொன்னபடிதான் எழுதினாரா என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். 2015இல் வி.கே. மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் படிகளை விளக்கியிருக்கிறது. 2021 ஏப்ரலில் குற்றவியல் விசாரணைகளின் குறைபாடுகள் பற்றித் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்ற வரைவு விதிகள், மறுக்கப்பட்ட பகுதியை எடுத்தெழுத வேண்டும், முடியாவிட்டால் அதன் தொடக்கச் சொல்லையும் முடிவுச் சொல்லையும் குறித்துத் தனியே அடையாளமிட வேண்டும் என்கின்றன.

நடைமுறையில் பல தாள்களில் காணப்படுவது வேறு: ‘போலீசார் விசாரணையில் நான் வேறுவிதமாகச் சொன்னேன் என்றால் அது சரியல்ல.’ எந்த விதமாக? எந்த வரி? இந்த வாக்கியத்தை வைத்து எதிரி தரப்பால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆய்வாளரிடம் என்ன கேட்பது என்றும் தெரியாது. உண்மையிலேயே இருந்த முரண்பாடு, எழுதிய முறையால் மறைந்துபோகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. வாக்குமூலத்தில் ஒரு செய்தி விடுபட்டிருந்தால், அந்த விடுபடலும் முக்கியமானதாக இருந்து சூழலுக்குப் பொருந்தினால் முரண்பாடாகலாம் என்கிறது 181ஆவது பிரிவின் விளக்கம். அதற்கு, ‘1ஆம் எதிரி கையில் அரிவாள் இருந்தது என்று ஆய்வாளர் விசாரணையில் நான் சொல்லவில்லை என்றால் அது சரியல்ல’ என்று விடுபட்ட செய்தியே சொற்களாகத் தாளில் நிற்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் படித்துக்காட்டும் கட்டம் வருகிறது. 313ஆவது பிரிவின்படி ஒவ்வொரு சாட்சியின் சாட்சியமும் முடிந்ததும், எதிரி நீதிமன்றத்தில் இருந்தால் அவர் முன்னிலையில், அவர் வழக்கறிஞர் மூலம் தோன்றினால் அந்த வழக்கறிஞர் முன்னிலையில், அது சாட்சிக்குப் படித்துக்காட்டப்பட வேண்டும். தேவையானால் திருத்தப்பட வேண்டும். பதிவு சாட்சிக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவர் பேசிய மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும். சாட்சி தன் சொற்கள் என்று நிலைக்கப்போகும் எழுத்தை முதன்முதலாகக் கேட்பது இந்தக் கணத்தில்தான். ஆனால் நீதிமன்ற நாளில் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுவதும் இந்தக் கட்டத்துக்கே. அடுத்த சாட்சி கூண்டில் ஏறியிருப்பார். இவர் ஓரமாகத் தட்டச்சர் மேசையருகே நின்று, வேகமாக ஓடும் வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். அல்லது ‘சரியா இருக்கும்மா, கையெழுத்துப் போடுங்க’ என்பதோடு முடிந்துவிடும். தாளின் அடியில் மட்டும் ‘படித்துக்காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்ற வரி தவறாமல் இருக்கும்.

நம் பூக்கடைப் பெண்ணுக்கு முறையாகப் படித்துக்காட்டப்படுகிறது என்று கொள்வோம். ‘7.00 மணிக்கு’ என்று கேட்டதும் அவர் சொல்கிறார்: “ஏழு மணி இருக்கும்னுதாங்க சொன்னேன்.” இது எளிய திருத்தம். நீதிபதிக்கும் அது நினைவிருக்கும். தவறான சொல்லை அழித்து மறைக்காமல், படிக்கத் தெரியும்படி கோடிட்டு அடித்து, மேலே ‘சுமார்’ என்று சேர்த்து, பக்கத்தில் நீதிபதி சுருக்கொப்பம் இடுவது சரியான முறை. பழைய சொல் தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது: என்ன மாறியது என்பதும் பதிவின் ஒரு பகுதியே.

அடுத்து, ‘1ஆம் எதிரி வெட்டினார்’ என்ற வரி வருகிறது. “யாரு வெட்டுனதுன்னு நான் சொல்லலையே” என்கிறார் அவர். இப்போது நீதிபதிக்குக் கடினமான நிலை. எழுதும்போது பிழை நேர்ந்திருக்கலாம். அல்லது உண்மையாகச் சொன்னதை, எதிரிகள் எதிரே நிற்பதைப் பார்த்து அஞ்சிப் பின்வாங்கவும் செய்யலாம். 1989இல் மீர் முகமது உமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டத்தின் நோக்கத்தைத் தெளிவாக்கியது: பதிவு துல்லியமாக இருப்பதை உறுதிசெய்வது ஒன்று, பிழைகளைச் சுட்டிக்காட்டச் சாட்சிக்கு வாய்ப்புத் தருவது மற்றொன்று, திருத்தம் என்ற பெயரில் சொன்னதிலிருந்து பின்வாங்குவதற்கு இது வழியல்ல. எனவே பிழைதான் என்று நீதிபதிக்குத் தோன்றினால் உடனே திருத்துவார். அப்படித் தோன்றாவிட்டால், திருத்தாமல், சாட்சி எழுப்பிய மறுப்பை ஒரு குறிப்பாகக் கீழே எழுதி, தம் கருத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறது 313(2). ‘மேற்கண்ட வரியைப் படித்துக்காட்டியபோது, வெட்டியவர் யார் எனத் தான் குறிப்பிடவில்லை என்று சாட்சி தெரிவித்தார். முதல் விசாரணையில் அவர் 1ஆம் எதிரியைச் சுட்டிக்காட்டியதை நீதிமன்றம் கவனித்தது’ என்பது போன்ற ஒரு குறிப்பு போதும். இந்த இரண்டாவது வழியை நான் மிகவும் மதிக்கிறேன். யார் சரி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டாமல், இரண்டையும் அது மேல்முறையீட்டு நீதிபதியின் கண்முன் வைத்துவிடுகிறது. இது அரிதாகவே பயன்படுத்தப்படுவது வருத்தத்துக்குரியது. ‘அப்படித்தானே சொன்னீங்க’ என்ற அதட்டலோடு மறுப்பு காற்றில் கரைந்துவிடும்போது, பிற்பாடு யாராலும் அதை மீட்க முடியாது.

பிறகு கையெழுத்து. பதிவில் நீதிபதி கையெழுத்திட வேண்டும், அப்போதுதான் அது வழக்கின் ஆவணமாகும் என்பதே செஷன்ஸ் விசாரணைக்கான பிரிவின் விதி. சாட்சி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுவதும், எழுதத் தெரியாதவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைப்பதும் நடைமுறையாக நிலைத்தவை. சாட்சியின் கையெழுத்து இருப்பதால் அவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடாது. இவை என் சொற்கள் என்று அவர் ஏற்றார் என்பதற்கு அது அடையாளம். இந்த ஏற்புக்கு விளைவு உண்டு. முறைப்படி பதிந்து நீதிபதி கையெழுத்திட்ட சாட்சியத்தை உண்மையான ஆவணம் என்றும், முறையாகப் பதியப்பட்டது என்றும் சட்டம் அனுமானிக்கிறது. நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்சாட்சி சொன்னவருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை விதிக்கலாம். அந்தக் குற்றச்சாட்டு நிற்பதும் விழுவதும் அவர் சொன்னதாகத் தாளில் இருக்கும் சொற்களின் மேல்தான். தான் சொல்லாத ‘1ஆம் எதிரி வெட்டினார்’ என்ற வாக்கியத்துக்கு அந்தப் பூக்கடைப் பெண் பொறுப்பேற்க வேண்டிய நிலை இப்படித்தான் உருவாகிறது.

படித்துக்காட்டவே இல்லையென்றால் விசாரணை செல்லாமல் போய்விடுமா? 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்தக் கடமை 360ஆவது பிரிவாக இருந்தது. பர்மாவிலிருந்து மேல்முறையீடாகச் சென்று 1927ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அப்துல் ரஹ்மான் வழக்கில், சாட்சியங்கள் முறைப்படி படித்துக்காட்டப்படவில்லை என்ற வாதத்தை அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஆராய்ந்தது. அது முறைகேடுதான், ஆனால் அதனால் நீதி தவறியது என்று காட்டப்படாதவரை விசாரணை அழிந்துவிடாது என்பது அதன் முடிவு. இன்றும் நிலை ஏறத்தாழ அதுவே. ஆகவே, படித்துக்காட்டவில்லை என்று மேல்முறையீட்டில் பொதுவாகச் சொல்வது பயனளிக்காது. எந்த வாக்கியம் தவறாகப் பதிந்தது, அதனால் என்ன கேடு விளைந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டச் சான்று தேவை. அந்தச் சான்று, பதிந்த அன்றே எழுப்பப்பட்ட மறுப்பைத் தவிர வேறு எதுவாகவும் இருப்பது கடினம்.

மொழி பற்றி ஒரு செய்தி. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதியப்படுகிறது என்பதால் இந்தச் சிக்கல் இங்கே ஓரளவு குறைவு. இந்தியாவின் பல பகுதிகளில் சாட்சி தன் மொழியில் பேச, நீதிபதி ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொல்லும் பழக்கம் இருந்துவருகிறது. 2023 ஜனவரி 30 அன்று நயீம் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் தன் மொழியில் சொன்ன சாட்சியம் ஆங்கிலத்தில் மட்டுமே பதியப்பட்டிருந்தது. சாட்சியத்தை நீதிமன்ற மொழியிலோ, இயன்றவரை சாட்சியின் மொழியிலோ பதிய வேண்டும் என்றும், சாட்சி சரியாக என்ன சொன்னார் என்ற கேள்வி எழும்போது மூல மொழிப் பதிவையே கணக்கில் கொள்ள வேண்டும், நீதிபதியின் ஆங்கிலக் குறிப்பை அல்ல என்றும் அது சொன்னது. சென்னையிலும் மதுரையிலும் மேல்முறையீட்டுக்காகத் தமிழ்ச் சாட்சியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வாதிடும் வழக்கறிஞர்களுக்கும் இது பொருந்தும்: ‘வெட்டினார்’, ‘வெட்டினார்கள்’, ‘குத்தினார்’ ஆகியவற்றுக்கிடையே ஐயம் வந்தால், பெயர்ப்பை விட்டுத் தமிழ்த் தாளைத்தான் திறக்க வேண்டும். வெட்டுக் காயமும் குத்துக் காயமும் மருத்துவரின் சான்றிதழில் வேறுவேறு.

கையெழுத்தான பிறகு தவறு தெரியவந்தால் தாளில் கைவைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. 348ஆவது பிரிவின் கீழ் சாட்சியை மீண்டும் அழைக்கக் கோரலாம். வழக்கின் நியாயமான முடிவுக்கு அது தேவை என்று நீதிமன்றம் கருதினால் அனுமதிக்கும். அப்போதும் பழைய பதிவு அப்படியே இருக்கும், புதிய சாட்சியம் அதன் தொடர்ச்சியாக வரும், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாட்சி கூண்டில் நின்று விளக்க வேண்டும். பதிந்த அன்றே சாட்சியத்தின் நகலை எதிரிக்கோ அவரது வழக்கறிஞருக்கோ, அரசு வழக்கறிஞருக்கும், சாட்சிக்கும்கூட, கட்டணமின்றித் தர வேண்டும் என்று 2021 வரைவு விதிகள் சொல்வது இதனால்தான் பயனுள்ளது. நம் பூக்கடைப் பெண் அந்த நகலை வீட்டுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு நிதானமாகப் படிக்கக் கேட்டால், ‘ஓடிவிட்டார்கள்’ என்ற சொல்லில் தன் ‘ஆம்’ இல்லாததை அன்றைக்கே கண்டுபிடிப்பார். அடுத்த நாள் அரசு வழக்கறிஞரிடம் அதைச் சொல்ல முடியும். மற்ற சாட்சிகளும் ஆய்வாளரும் இன்னும் கூண்டில் ஏறியிராத நிலையில், மறு அழைப்புக்கான மனுவை நீதிமன்றம் ஏற்பதும் எளிது.